கண்ணாடி முகம்: எனாமல் டயலின் விலையும் விரிசலும்

நேயர்களுக்கு வணக்கம். எண்களும் முட்களும் அமர்ந்திருக்கும் அந்த வட்டத் தகட்டை, அதாவது கடிகாரத்தின் டயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் மேற்பரப்பை முடிக்கும் முறைகளில் எனாமல், கில்லோஷ், சன்பர்ஸ்ட் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு எனாமல் மீது தனிப் பித்து உண்டு. ஆகையால் நேரத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

எனாமல் என்றதும் கதவுக்கு அடிக்கும் பெயின்டை நினைக்க வேண்டாம். பழைய எனாமல் குவளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கை தவறி விழுந்தால் ஒரு சில்லு பெயர்ந்து, அடியில் கறுப்பாக இரும்பு தெரியுமே, டயலில் இருப்பதும் அந்த வகைப் பொருள்தான்: உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி.

செய்முறை கேட்பதற்கு எளியது. மெல்லிய செப்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் உலையில் சிறிது நேரம் வைத்து எடுக்கிறார்கள். ஆறிய பிறகு மறுபடியும் தூள், மறுபடியும் உலை. கண்ணுக்குத் தெரியாத பின்புறத்திலும் எனாமல் பூசியாக வேண்டும். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்குவதால், ஒரு பக்கம் மட்டும் பூசிய தகடு வளைந்துவிடும். ஒவ்வொரு சூட்டிலும் ஒரு குமிழியோ, ஒரு கரும்புள்ளியோ, ஒரு விரிசலோ தோன்றலாம். தோன்றினால் அத்தகடு பெரும்பாலும் கழிவுதான்.

விலையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்குக்காக, 100 தகடுகளை ஐந்து முறை சுடுவதாகவும், ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்று கெடுவதாகவும் வைத்துக்கொள்வோம். 90, 81, 73, 66 என்று குறைந்து, கடைசியில் 59 மிஞ்சும். ஐந்தில் ஒன்று கெட்டால் 33தான் மிஞ்சும். அதிலும் ஐந்தாம் சூட்டில் கெடும் தகடு முந்தைய நான்கு சூட்டின் உழைப்பையும் சேர்த்தே கொண்டுபோகிறது. ஆக, எனாமல் டயலை வாங்குபவர், தேறாமல் போன டயல்களுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். தூளும் செம்பும் விலை உயர்ந்தவை அல்ல.

இனி என் சொந்தக் கதை. பல ஆண்டுகளுக்கு முன், வெள்ளை எனாமல் டயல் கொண்ட பழைய சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். பழுதே இல்லாத டயல் என்று சொல்லி, அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில், நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி முடி போன்ற சாம்பல் நிறக் கோடு ஒன்று மெல்லத் தெரியத் தொடங்கியது. நான்தான் எங்கோ இடித்துவிட்டேன் என்று வருந்திக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். விரிசல் பழையதாம், விரிசலை நமக்குக் காட்டிக்கொடுப்பது அதில் படியும் அழுக்குதானாம். பல்செட்டைக் கழுவும் மாத்திரை கரைத்த நீரில் டயலை ஊறவைத்தால் அழுக்கு போய், கோடும் மறைந்துவிடும். அழுக்கு திரும்பச் சேரும்போது கோடும் திரும்பி வரும். விரிசல் அப்படியே இருக்க, அதன் அடையாளத்தை மட்டும் கழுவி எனக்கு விற்றிருந்தார்கள்.

அன்றிலிருந்து, பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் பழைய டயலைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு உருப்பெருக்கியால் நடுத்துளையையும் விளிம்பையும், பின்னால் டயலைத் தாங்கும் சிறு கால்கள் பதிந்த இடங்களையும் பார்க்க வேண்டும். முட்களை அழுத்திப் பொருத்தும்போதும், கால்களை நிமிர்த்தும்போதும் கண்ணாடிக்கு அழுத்தம் சேர்வது அங்கேதான். பிசின் நிரப்பிச் சரிசெய்த இடம், புறஊதா விளக்கில் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். எனாமலின் சார்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது வெயிலில் வெளிறுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் வெள்ளை இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது.

கில்லோஷ் என்பது, கையால் சுழற்றும் கடைசல் இயந்திரத்தில் உலோகத்தின் மேல் நுண்ணிய வரிகளை வெட்டும் முறை. கடிகாரங்களில் அதைப் புகழ்பெறச் செய்தவர் பிரெகே என்னும் கடிகாரக் கலைஞர். ஒரு வரி பிசகினாலும் தகடு வீண் என்பதால் விலை ஏறுகிறது. அச்சில் அழுத்திச் செய்த மலிவான நகலில், வெட்டிய வரியின் கூர்மை இருக்காது, முனைகள் மழுங்கியிருக்கும். கில்லோஷ் டயல் விழுந்தாலும் எனாமலைப்போல் விரிசல் விடாது, ஆனால் துணியால் துடைத்தாலே அதன் வெள்ளிப்பூச்சு போய்விடும். இந்த வரிகளின் மேல் ஒளி ஊடுருவும் எனாமலைப் பூசுபவர்களும் உண்டு. அங்கே எனாமல் கெட்டால் வெட்டிய வேலையும் சேர்ந்தே போகிறது.

நேரம் முடிந்துவிட்டதாகச் சைகை செய்கிறார்கள். சன்பர்ஸ்டை விரைந்து சொல்லிவிடுகிறேன். கையை அசைத்தால் நடுவிலிருந்து கதிர்கள் சுழல்வதுபோல் தெரிவது அது. தகட்டை நடுவிலிருந்து விளிம்புவரை தூரிகையால் தேய்த்து, மேலே நிறமும் மெல்லிய வார்னிஷும் கொடுத்தால் முடிந்தது. இயந்திரத்தில் விரைவாக ஆகும் வேலை என்பதால் மலிவான கடிகாரங்களிலும் அதைக் காணலாம். இடிபட்டாலும் தாங்கும், ஈரம் உள்ளே புகுந்தால்தான் திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும், அந்தக் கறையைத் துடைக்கப் போனால் கதிரும் சேர்ந்து அழியும். நன்றி, வணக்கம்.