‘மீளா அடிமை’: ஐயமே என்ற அணியின் பேச்சு

“சுந்தரர் திருவாரூரில் பாடிய ‘மீளா அடிமை’ பதிகத்தில் ஓங்கி நிற்பது நம்பிக்கையா, ஐயமா?”

நடுவர் அவர்களே, ஐயமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தங்கை, “சுந்தரர் தம்பிரான் தோழர், சிவபெருமானுக்கே நண்பர், தோழனிடம் உரிமையோடு சண்டை போடுகிறார், அவ்வளவுதான்” என்றார். பாதி சரி. உரிமை இருந்ததால்தான் குரல் அப்படி உயர்ந்தது. ஆனால் அந்தக் குரலில் அவர் என்ன கேட்டார் என்பதைத் தங்கை தொடவே இல்லை.

கதையைச் சுருக்கிவிடுகிறேன். திருவொற்றியூரில் தன் மனைவி சங்கிலியாருக்கு “உன்னைப் பிரியேன்” என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தவர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண் வந்தது. அதற்கு அப்புறம்தான் ஆரூர். என் அணி அண்ணன் இந்த இடத்தில் தன் கண் ஆபரேஷன் கதையைப் பத்து நிமிடம் சொன்னார். நன்றாக இருந்தது, ஆனால் அவர் கோபமெல்லாம் டாக்டர் மேல்தான், சாமியை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

வெண்பாக்கத்தில் இதே சுந்தரர், “பிழையுளன பொறுத்திடுவர்” என்று நம்பித்தான் பிழை செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஆரூருக்கு வந்தபோது ஒரு கண் கிடைத்துவிட்டது. கெஞ்சுகிறவராக இருந்தால் இப்போது குரல் தணிந்திருக்க வேண்டும். இவரோ,

“விற்றுக் கொள்வீர்; ஒற்றி அல்லேன்; விரும்பி ஆட்பட்டேன்;
குற்றம் ஒன்றும் செய்தது இல்லை, கொத்தை ஆக்கினீர்”

என்கிறார். கொத்தை என்றால் குருடன். முதல் அடியோ பத்திரம் எழுதுகிற இடத்தில் பேசுகிற பேச்சு. நான் அடகுப் பொருள் அல்ல, மீட்டுக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள். முழுக்க உம்முடையவன், வேண்டுமானால் விற்றுக்கொள்ளும். திருவெண்ணெய்நல்லூரில் கிழவராக வந்து, “இவன் என் அடிமை” என்று ஓலை காட்டி வழக்காடியவர் சிவபெருமான். அந்த ஓலைக்காரரிடமே கணக்குக் கேட்கிறார் இவர்: உம் பொருளை நீரே ஏன் கெடுத்தீர்? “எற்றுக்கு, அடிகேள், என் கண் கொண்டீர்? நீரே பழிப்பட்டீர்.”

எதிரணிப் புலவர் ஐயா தேவாரத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் இதை நிந்தாஸ்துதி, திட்டுவதுபோல் துதிப்பது என்றார். அந்த மரபு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே திட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு புகழ் இருக்கும். “நீரே பழிப்பட்டீர்” என்பதைத் திருப்பிப் பாருங்கள், என்ன புகழ் வருகிறது? நாலாம் பாட்டில் இன்னும் கடுமை. அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால், அவர்களை “வருத்தி வைத்து, மறுமை பணித்தால், வாழ்ந்து போதீரே” என்கிறார். இப்போது படு, அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற சமாதானம் நமக்கெல்லாம் பழக்கமானது. அதை அவர் ஏற்கவில்லை. நம் ஊரில் மனம் வெறுத்துப்போய் “நீங்களே நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்களே, அந்த ‘வாழ்ந்து போதீரே’தான் பதிகம் முழுக்க ஒலிக்கிறது.

அப்படியானால் நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது. முதல் அடியிலேயே “பிறரை வேண்டாதே” என்கிறார். வேறு வாசலுக்குப் போகாதவர் அவர். கடவுள் இருக்கிறாரா என்று அவர் கேட்கவில்லை, இருப்பவர் நியாயமானவரா என்று கேட்கிறார். அதனால் என் கட்சி பலவீனமாகிறது என்று நடுவர் நினைக்கலாம். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. நம்பாதவனுக்கு இந்தக் கேள்வியால் நஷ்டம் ஒன்றும் இல்லை. “மூளாத் தீப்போல் உள்ளே கனன்று” என்று பாடுகிறவருக்கோ, பதில் வராவிட்டால் போவதற்கு வேறு இடமே இல்லை.

“கடைசியில் வலக்கண்ணும் வந்ததே” என்று ஐயா முடித்தார். வந்ததைச் சொல்வது பெரியபுராணம் பாடிய சேக்கிழார். நாம் தீர்ப்புச் சொல்வது பதிகத்துக்கு. காஞ்சிப் பதிகம் “காணக் கண் அடியேன் பெற்றவாறே” என்று வியந்து, பாடுகிறவர்கள் நன்னெறி உலகு எய்துவர் என்று பலன் சொல்லி முடியும். ஆரூர்ப் பதிகத்தின் பதினோராம் பாட்டிலும் அவர் தன் பெயரைப் போடுகிறார். போட்டுவிட்டு, “பார் ஊர் அறிய, என் கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்” என்று மறுபடி அதே குற்றச்சாட்டு. நன்றி இல்லை, பலனும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கே பிடிபடவில்லை. வெண்பாக்கத்தில் பிழை என்றவர் ஆரூரில் குற்றமே இல்லை என்கிறாரே, எது அவர் மனசு? ஐயா பதில் பேசும்போது அதைச் சொல்லட்டும். கூடவே, இந்தப் பதிகத்துக்குள் வலக்கண் கிடைத்ததற்கு ஒரே ஒரு வரி இருந்தால் எடுத்துக் காட்டட்டும். காட்டினால் நான் அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.