முன்னால் சேர்க்க வேண்டும்: அரேயா, லிங்க்ட் லிஸ்ட்டா?

நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் கல்லூரியில் தரவுக் கட்டமைப்புப் பாடம் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வரும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அசைன்மென்டில் "முன்பக்கம் வேகமாகச் சேர்க்க வேண்டும்" என்று இருந்தால், அரேயை எடுப்பதா, லிங்க்ட் லிஸ்ட்டை எடுப்பதா?

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் அழைப்புப் பட்டியல் இருக்கிறதல்லவா, அதை எழுதச் சொல்கிறார்கள். புதிதாக வந்த அழைப்பு பட்டியலின் தலையில் வர வேண்டும். கடைசியாக வந்த பத்து அழைப்புகளைக் காட்ட வேண்டும். முழுப் பட்டியலையும் அச்சிட வேண்டும். சோதனைக்கு ஒரு லட்சம் அழைப்புகள் கொண்ட கோப்பைத் தருவார்கள்.

"முன்னால்", "வேகமாக" என்ற இரண்டு சொற்களையும் பார்த்த உடனே வகுப்பில் பாதிப் பேர் லிங்க்ட் லிஸ்ட் என்று எழுதிவிடுவார்கள். அந்த விடைக்குக் காரணம் உண்டு. அரேயில் உறுப்புகள் நினைவகத்தில் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். பந்தியில் எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்துவிட்ட பிறகு, மாப்பிள்ளைக்கு முதல் இலை வேண்டும் என்றால் என்ன ஆகும்? வரிசை முழுக்க ஒவ்வொருவராக எழுந்து ஓர் இலை தள்ளி உட்கார வேண்டும். அரேயின் முன்னால் சேர்ப்பதும் அப்படித்தான். ஏற்கனவே 500 உறுப்புகள் இருந்தால் 500 நகர்வு, 90,000 இருந்தால் 90,000 நகர்வு.

ஒரு லட்சம் அழைப்புகளையும் இப்படி ஒவ்வொன்றாக முன்னால் சேர்த்தால் மொத்தம் எத்தனை நகர்வு? முதல் அழைப்புக்கு எதுவும் நகராது. இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் ஏறக்குறைய 500 கோடி வருகிறது. இதே வேலை 1,000 அழைப்புகளுக்கு வெறும் ஐந்து லட்சம் நகர்வுதான். அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் வீட்டில் சின்னக் கோப்பை வைத்துச் சோதித்தபோது நன்றாக ஓடிய நிரல், ஆய்வகத்தில் பெரிய கோப்பைக் கொடுத்ததும் தவிக்கிறது.

லிங்க்ட் லிஸ்ட்டில் ஒவ்வொரு உறுப்பும் ஒரு தனி நோட். அடுத்த நோட் எங்கே என்பதை அதன் நெக்ஸ்ட் பாயிண்டர் சொல்லும், முதல் நோட் எங்கே என்பதை ஹெட் சொல்லும். இங்கே யாரும் நகர வேண்டியதில்லை. புதிய நோட் ஒன்றை உருவாக்குகிறோம். அதன் நெக்ஸ்ட் பாயிண்டரை இப்போதைய ஹெட்டை நோக்கித் திருப்புகிறோம். பிறகு ஹெட்டைப் புதிய நோடுக்கு மாற்றுகிறோம். பட்டியலில் பத்துப் பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் இவ்வளவுதான் வேலை. ஆனால் வரிசை மாறக் கூடாது. ஹெட்டை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் நெக்ஸ்ட்டைத் திருப்பினால், புதிய நோட் தன்னையே சுட்டிக்கொண்டு நிற்கும். பழைய பட்டியலுக்குப் போக வழியே இருக்காது. அச்சிடும்போது ஒரே அழைப்பு முடிவில்லாமல் திரையில் ஓடினால், இந்த இரண்டு வரிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

சரி, லிங்க்ட் லிஸ்ட் என்று முடித்துவிடலாமா? நான் முடிக்க மாட்டேன். அசைன்மென்டில் சேர்ப்பது ஒரு வாக்கியம்தான். மற்ற வாக்கியங்களையும் படிக்க வேண்டும்.

அச்சிடும் பகுதியை எடுத்துக்கொள்வோம். அரேயில் பழகிய கை என்ன எழுதும்? 'i' சுழியத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடும் ஒரு லூப் போட்டு, "i-ஆவது உறுப்பைக் கொடு" என்று ஒரு ஃபங்க்ஷனை அழைக்கும். அரேயில் அது ஒரே எட்டு. லிங்க்ட் லிஸ்ட்டில் அந்த ஃபங்க்ஷன் ஒவ்வொரு முறையும் ஹெட்டிலிருந்து நடக்கத் தொடங்குகிறது. பத்தாவது உறுப்புக்குப் பத்து எட்டு, 90,000-ஆவது உறுப்புக்கு 90,000 எட்டு. ஒரு லட்சத்தையும் அச்சிட்டு முடித்தால் மொத்தம் எத்தனை எட்டு? அதே 500 கோடி! சேர்ப்பதில் மிச்சம் பிடித்தது அச்சிடுவதில் அப்படியே போய்விட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரேயில் நகர்த்துவது அடுத்தடுத்த இடங்களில் நடக்கும் வேலை, அதனால் கணினி அதை மொத்தமாகச் செய்துவிடும். லிங்க்ட் லிஸ்ட்டில் நோடுகள் நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கலாம். ஒரு நோடைப் படித்த பிறகுதான் அடுத்தது எங்கே என்றே தெரியும். ஆகவே எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இந்த 500 கோடி இன்னும் மெதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து எளிது. லூப்பில் எண்ணை வைத்துக்கொள்ளாமல் ஒரு பாயிண்டரை வைத்துக்கொண்டு, நோடிலிருந்து நோடாக நடந்துபோனால் ஒரு லட்சம் எட்டில் அச்சிட்டு முடித்துவிடலாம். ஜாவாவில் LinkedList வைத்துக்கொண்டு get(i) என்று லூப்புக்குள் எழுதுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். அந்த LinkedList இரு முனைகளில் எது பக்கமோ அங்கிருந்து நடக்கும் என்பதால் வேலை பாதியாகும், அவ்வளவுதான். அங்கே "for each" வடிவத்தில் லூப்பை எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

ஆனால் அசைன்மென்டில் "பட்டியலில் k-ஆவது அழைப்பைக் காட்டு" என்று ஒரு வாக்கியம் இருந்து, அதை ஆயிரக்கணக்கான முறை கேட்பார்கள் என்றால், நடப்பதைத் தவிர்க்க முடியாது. அந்த இடத்தில் லிங்க்ட் லிஸ்ட் சரியான விடை இல்லை. அரேயும் முன்னால் சேர்ப்பதில் தோற்கிறதே, அப்புறம் என்ன செய்வது?

இங்கேதான் மாணவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். "முன்பக்கம்" என்பது பயனருக்குத் தெரிய வேண்டிய வரிசை. நினைவகத்திலும் அது முன்பக்கமாகவே இருக்க வேண்டும் என்று கேள்வியில் எங்கும் எழுதவில்லை. அரேயைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய அழைப்பை அரேயின் கடைசியில் சேருங்கள். காட்டும்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பயனரின் கண்ணுக்குப் புதியது முதலில் வரும். யாரும் நகரவில்லை. k-ஆவது அழைப்பு வேண்டுமென்றால், மொத்த எண்ணிக்கையிலிருந்து k-ஐக் கழித்தால் இடம் கிடைத்துவிடும். 500 அழைப்புகள் இருக்கும்போது முதல் அழைப்பு 499-ஆம் இடத்தில், பத்தாவது 490-ஆம் இடத்தில்.

இதில் ஒரு சோதனையை மறக்கக் கூடாது. 500 அழைப்புகள் இருக்கும்போது 501-ஆவதைக் கேட்டால் விடை மைனஸ் ஒன்று. சி மொழியில் அரேக்கு வெளியே போய்விடுவீர்கள். பைத்தானில் மைனஸ் ஒன்று என்றால் கடைசி உறுப்பு. பிழை என்று எதுவும் சொல்லாது, இல்லாத 501-ஆவது அழைப்புக்குப் பதிலாக இருப்பதிலேயே புதிய அழைப்பை எடுத்துக் கொடுத்துவிடும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், விடை தவறாக இருக்கும். ஆகவே k மொத்த எண்ணிக்கையைத் தாண்டுகிறதா என்று ஃபங்க்ஷனின் முதல் வரியிலேயே பார்த்துவிட வேண்டும்.

அரே நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். இரட்டிப்பு அளவில் புதிய இடம் வாங்கி எல்லாவற்றையும் அங்கே படியெடுக்கிறோம். ஓர் இடத்தில் தொடங்கி இரண்டு, நான்கு, எட்டு என்று வளர்ந்தால், ஒரு லட்சம் அழைப்புகள் சேர்ந்து முடியும்போது மொத்தம் நடந்த படியெடுப்பு 1,31,071. முன்னால் பார்த்த 500 கோடியோடு இதை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பத்து பத்தாகக் கூட்டினால் இந்த லாபம் கிடைக்காது, படியெடுப்பு மறுபடி கோடிகளுக்குப் போய்விடும். இரட்டிப்பாக்குவதுதான் இதன் உயிர்.

நினைவகத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உறுப்பு ஒரு சாதாரண முழு எண் என்றால் அரேயில் அதற்கு 4 பைட். 64 பிட் கணினியில் அதே எண்ணை நோடில் வைத்தால், பாயிண்டருக்கு 8, இடையில் சீரமைப்புக்கு 4 என்று நோடு 16 பைட் ஆகிறது. லினக்ஸில் வழக்கமான malloc அந்த 16 பைட்டுக்கு 32 பைட்டை ஒதுக்கும். ஆக, எட்டு மடங்கு.

அப்படியென்றால் லிங்க்ட் லிஸ்ட்டை எப்போது எடுப்பது? எனக்குத் தெரிந்து இரண்டு இடங்களில் தயங்காமல் எடுக்கலாம். ஒன்று, ஒவ்வொரு தனிச் சேர்ப்பும் ஒரே அளவு நேரத்தில் முடிய வேண்டும் என்று கேள்வி சொல்லும்போது. இரட்டிப்பாகும் அரேயில் சராசரி நன்றாக இருக்கும், ஆனால் நடுவில் ஒரே ஒரு சேர்ப்புக்கு 65,536 படியெடுப்பு விழும். இரண்டாவது, நிரலின் வேறு பகுதிகள் உறுப்புகளின் முகவரியைக் கையில் வைத்திருக்கும்போது. அரே இடம் மாறினால் அந்த முகவரிகள் எல்லாம் செத்துப்போகும். நோடு வைத்த இடத்திலேயே இருக்கும். இவை போக, பாயிண்டர் பழக வேண்டும் என்பதற்காகவே ஆசிரியர் கொடுத்த பயிற்சி என்றால், லிங்க்ட் லிஸ்ட்டையே எழுதுங்கள்.

கேள்வி சற்று மாறி, முன்னாலும் சேர்க்க வேண்டும், பின்னாலும் சேர்க்க வேண்டும் என்று வந்தால் தலைகீழ் வித்தை போதாது. அப்போது அரேயை வட்டமாக நினைத்துக்கொண்டு, தொடக்கம் எங்கே என்ற எண்ணை ஒன்று குறைத்துச் சேர்க்கலாம். சுழியத்திலிருந்து குறைத்தால் கடைசி இடத்துக்குச் சுற்றி வர வேண்டும். சி மொழியில் மைனஸ் ஒன்றை எட்டால் வகுத்து மீதி கேட்டால் ஏழு வராது, மைனஸ் ஒன்றே வரும். ஆகவே வகுப்பதற்கு முன் அரேயின் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜாவாவின் ArrayDeque இந்த வழியில் செய்யப்பட்டதுதான். பைத்தானின் deque இரண்டையும் கலந்த ஒன்று: 64 உறுப்புகள் கொண்ட சிறு அரேக்களை பாயிண்டர்களால் இணைத்து வைத்திருக்கிறது. முன்னால் சேர்க்க appendleft என்று ஒரு வரி போதும்.

எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், ஒப்படைப்பதற்கு முன் நேரத்தை அளந்து பாருங்கள். 10,000, 20,000, 40,000 என்று மூன்று அளவுகளில் ஓட்டுங்கள். சேர்ப்பதைத் தனியாக, அச்சிடுவதைத் தனியாக அளக்க வேண்டும். அளவு இரட்டிக்கும்போது நேரமும் ஏறக்குறைய இரட்டித்தால் சரி. நான்கு மடங்காகிக்கொண்டே போனால், உள்ளே எங்கோ ஒரு நகர்த்தலோ, ஹெட்டிலிருந்து மறுபடி மறுபடி நடக்கும் நடையோ ஒளிந்திருக்கிறது. அந்த மூன்று எண்களையும் அறிக்கையில் ஒரு சிறு அட்டவணையாகச் சேர்த்துவிடுங்கள். ஏன் இந்தக் கட்டமைப்பை எடுத்தாய் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் அதைக் காட்டியே பதில் சொல்லலாம். நன்றி, வணக்கம்.