அழுகைப் பாட்டு ஏன் ஆறுதலா இருக்கு?

[காட்சி: காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீடு. வளவுல சாயங்கால வெயில். ஆத்தங்குடி கல் பதிச்ச தரை.]

அப்பாவைப் பெத்த எங்க ஐயா இறந்த அன்னிக்கு அப்பத்தா அழவே இல்ல. வளவுத் தூண்ல சாஞ்சு உட்கார்ந்து, ஐயாவோட வெத்தலைச் செல்லத்தை மடியில வெச்சு, மூடியத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்தாங்க. கூப்பிட்டா பதில் இல்ல. எங்களுக்குப் பயமாப் போச்சு.

பொழுது சாயற நேரம் பக்கத்து ஊர்ல இருந்து ஒரு வயசான ஆச்சி வந்தாங்க. வந்தவங்க ஒரு வார்த்தை விசாரிக்கல. அப்பத்தா தோள்ல கையப் போட்டு, நெருங்கி உட்கார்ந்து, ஒப்புச் சொல்ல ஆரம்பிச்சாங்க:

"செல்லத்துல வச்ச வெத்தல வாடலையே...
செவக்க மென்ன வாய் மூடிருச்சே..."

மூணாவது அடியில அப்பத்தா குரல் சேர்ந்துச்சு. அப்புறம் உடைஞ்சு அழுதாங்க. அன்னிக்கு ராத்திரி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க.

[காட்சி: ஒப்பாரி அடியோட ஏற்ற இறக்கம், ஒரு கோடா வரையப்படுது.]

அந்த மெட்டைக் கவனிங்க. ஒவ்வொரு அடியும் மேல தொடங்கி, கீழ இறங்கி, கடைசியில நீண்ட இழுவையா முடியும். அந்த இழுவை முழுக்க மூச்சை வெளிய விடுற நேரம். மூச்சை மெதுவா வெளிய விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், அது உடம்போட இயல்பு. வெறுமனே விம்மி அழும்போது மூச்சு துண்டு துண்டா அறுபடும். பாட்டு அதுக்கு ஒரு தடம் போட்டுக் குடுக்குது.

சொல்லும் அப்படித்தான். "எல்லாம் போச்சு"ன்னு சொன்னா துக்கத்துக்கு எல்லையே இல்ல. "வெத்தல வாடலையே"ன்னு சொன்னா, கையில பிடிக்கிற அளவுக்கு அது சின்னதாகுது. கூட உட்கார்ந்து அழுற பொம்பளைங்களும் ஐயாவுக்காக மட்டும் அழறதில்ல. அவங்கவங்க வீட்டுல போனவங்களை நினைச்சும் அழுதுக்குவாங்க. அங்க அதை யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல.

[காட்சி: மொட்டை மாடி, இருட்டு. இயர்போன் மாட்டின ஒரு பையன்.]

இப்ப சினிமாப் பாட்டுக்கு வருவோம். சோகப் பாட்டு பெரும்பாலும் மெதுவா, தாழ்ந்த குரல்ல, சுரங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். மனசு உடைஞ்ச மனுஷன் பேசுற மாதிரியே இருக்கும். அதனால பக்கத்துல ஒருத்தர் புத்தி சொல்லாம உட்கார்ந்திருக்கிற மாதிரி நமக்குத் தோணுது. தருஃபி, கோல்ஷ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2014-ல 772 பேர்கிட்ட, சோகப் பாட்டு கேட்டா என்ன உணர்வு வருதுன்னு கேட்டாங்க. அதிகமா வந்த பதில் சோகம் இல்ல, பழைய நினைப்போட ஏக்கம்.

சோகப் பாட்டு கேட்டா புரோலாக்டின்ங்கிற ஹார்மோன் சுரந்து ஆறுதல் தருதுன்னு நிறைய வீடியோக்கள்ல சொல்றாங்க. அது 2011-ல டேவிட் ஹூரான் முன்வெச்ச ஊகம். பின்னாடி 2021-ல வந்த ஒரு ஆய்வுல அளந்து பார்த்தப்ப, அது கூடல. அதை நிரூபிச்ச உண்மையா எடுத்துக்காதீங்க.

ஆனா எனக்கு முக்கியமாப் படுறது வேற. ஒப்பாரி எப்ப நிக்கணும்னு தெரிஞ்ச ஒருத்தர் அங்க இருப்பாங்க. அன்னிக்கு அந்த ஆச்சிதான், "போதும் ஆச்சி, எந்திரிங்க, வாயக் கொப்புளிங்க"ன்னு செம்புத் தண்ணிய நீட்டினாங்க. இயர்போன்ல அந்த ஆச்சி இல்ல.

என் தம்பி காதல் முறிஞ்சப்ப ஒரே பாட்டை ராத்திரி முழுக்க திரும்பத் திரும்பக் கேட்டான். பாட்டு முடிஞ்சதும் தொண்டை இளகி, யார்கிட்டயாவது பேசத் தோணினா அது ஆறுதல். அவனுக்கு அப்படி இல்ல. "அன்னிக்கு நான் அதைச் சொல்லாம இருந்திருந்தா..."ன்னு அதே சண்டையை மனசுல மறுபடி ஓட்டிக்கிட்டே இருந்தான். அந்தச் சுழல்ல இருக்கிறவங்களுக்கு சோகப் பாட்டு புண்ணைக் கிளறும்.

1940-கள்ல ஐரா ஆல்ட்ஷுலர்ங்கிற மனநல மருத்துவர் ஒரு வழி சொன்னார்: மனசு இருக்கிற நிலைக்கு ஒத்த இசையில தொடங்கி, படிப்படியா மாத்தணும். எடுத்ததும் குத்துப்பாட்டு போட்டா மனசு ஒட்டாது. தம்பிக்கு அஞ்சு பாட்டு அடுக்கினோம். முதல்ல அவனோட பாட்டு, ஒரே தடவை. ரெண்டாவது அதே வேகம், ஆனா பிரிவைப் பத்தின வரி இல்லாதது. மூணாவது வெறும் வயலின். நாலாவது நடக்கிற வேகத்துல தாளம். அஞ்சாவது அவன் சின்ன வயசுல விரும்பிக் கேட்டது. முதல் ரெண்டு நாள் மறுபடி முதல் பாட்டுக்கே ஓடினான். மூணாம் நாள் அஞ்சாவது வரைக்கும் வந்தான்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கா இல்லன்னாலோ, வாழவே வேண்டாம்னு தோணினாலோ, பாட்டை நம்பி இருக்காதீங்க. உடனே டாக்டர்கிட்ட போங்க.

[காட்சி: மறுபடி வளவு. வெத்தலைச் செல்லம், திறந்தபடி.]

அப்பத்தா இன்னிக்கும் வெத்தலை மடிக்கும்போது அந்த அடியை முணுமுணுப்பாங்க. குரல் இறங்கும், கடைசி இழுவை வரும், அப்புறம் என்னைப் பார்த்து, "சுண்ணாம்பு எங்கடா வச்சே?"ம்பாங்க.