உப்புப் பேச்சும் அறுநூறு ரூபாயும்

(கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் ஒரு நூலகத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகச் சற்றே செப்பம் செய்யப்பட்டுள்ளது.)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இங்கே முன்வரிசையில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு கணக்கைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டிக்கொண்டே போவது ஒரு வகை வளர்ச்சி, பெருக்கிக்கொண்டே போவது இன்னொரு வகை. தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் கூட்டுத் தொடர், பெருக்குத் தொடர் என்று படித்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். ஆனால் அவை நம்மை மறக்கவில்லை. ஒன்று நம் சம்பளச் சீட்டில் இருக்கிறது, மற்றொன்று பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது.

டீக்கடையிலிருந்தே தொடங்குகிறேன். எட்டாயிரம் பேர் வாழும் ஒரு கிராமத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஒருவர் வருகிறார். "நாளையிலிருந்து உப்பு வராதாம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார். அவ்வளவுதான். விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் அரைமணிக்கு ஒரு புது ஆளிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இது மிகையான கணக்கு அல்ல. அரைமணிக்கு ஒருவரிடம் மட்டும் பேசுகிறவரை நம் ஊரில் அமைதியானவர் என்றுதான் சொல்வோம்.

ஆறரை மணிக்கு இரண்டு பேருக்குத் தெரியும். ஏழு மணிக்கு நான்கு, எட்டு மணிக்கு 16, ஒன்பது மணிக்கு 64, பத்து மணிக்கு 256. இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நான்கு மணி நேரம் போய்விட்டது. எட்டாயிரத்தில் 256 என்றால் நூற்றுக்கு மூன்று பேர். பஞ்சாயத்து உறுப்பினரிடம் யாராவது போய்ச் சொன்னால், "யாரோ நாலு பேர் பேசுகிறார்கள், விடுங்கள்" என்பார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தவறில்லை. பதினொரு மணிக்கு 1,024. பன்னிரண்டு மணிக்கு 4,096, அதாவது பாதி ஊர். நான்கு மணி நேரம் ஊரில் நூற்றுக்கு மூன்று பேரைத் தாண்டாத பேச்சு, அடுத்த இரண்டு மணி நேரத்தில் பாதி ஊரைப் பிடித்துவிட்டது. இந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் வேகமாகப் பேசத் தொடங்கவில்லை. முதல் அரைமணியில் என்ன வேகமோ அதே வேகம்தான், ஒருவர் ஒருவரிடம் சொன்னார். சொல்கிறவர்களின் தொகைதான் கூடிக்கொண்டே போனது.

பெருக்கு வளர்ச்சிக்கு அடையாளம் இதுதான். வேகமாக வளர்வதற்கு அந்தப் பெயர் இல்லை. வளர்ந்தது எதுவோ, அதுவே அடுத்த வளர்ச்சிக்கு விதையாகிவிட்டால் அது பெருக்கு வளர்ச்சி.

இது வெறும் கணக்குக் கதை என்று நினைக்க வேண்டாம். 2016 நவம்பரில், பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த சில நாட்களுக்குள், டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. மக்கள் இரவோடு இரவாகக் கடைகளில் முண்டியடித்தார்கள், உப்பு பல மடங்கு விலைக்கு விற்றது. உலகத்திலேயே அதிகமாக உப்பு விளைவிக்கும் நாடுகளில் ஒன்று நம்முடையது. அளங்களில் உப்பு குவிந்து கிடந்தபோது கடையில் இல்லாமல் போனது.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். என் தகப்பனார் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சு ஆலையில் கணக்கு எழுதினார். ஒவ்வொரு சித்திரையிலும் ஒரே தொகை சம்பளத்தில் ஏறும். நீளமான ஒரு நோட்டில் வருடத்தையும் சம்பளத்தையும் நேர் நேராக எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் ஒவ்வொரு உயர்வுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சிறு டிக் குறி இருக்கும். பின்பக்கங்களில் அந்தக் குறியைக் காணவில்லை. அதே தொகைதான் ஏறியிருக்கிறது, முதலாளி ஒரு வருடமும் தவறவில்லை. ஏன் குறி நின்றது என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை.

அதை இன்றைய எண்களில் போட்டுப் பார்க்கிறேன். மாதம் 12,000 ரூபாய் சம்பளம், வருடத்துக்கு 600 ரூபாய் உயர்வு. முதல் வருடத்தில் அது 5 சதவீதம், நல்ல உயர்வுதான். இருபது வருடத்தில் சம்பளம் 24,000 ஆகிவிடும். ஆனால் அப்போதும் ஏறுவது அதே 600. இருபத்துநான்காயிரத்தில் 600 என்பது இரண்டரை சதவீதம். தொகை மாறவில்லை, அதன் எடை பாதியாகிவிட்டது. கூட்டு வளர்ச்சியில் உயர்வு, ஏற்கெனவே கையில் இருப்பதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. பன்னிரண்டாயிரத்தின் மேலும் 600, இருபத்துநான்காயிரத்தின் மேலும் 600.

மறுபக்கம் விலைவாசி இருக்கிறது. அது பெருக்கு வளர்ச்சி. அரிசி விலை ஏறினால், அடுத்த வருடத்து ஏற்றம் ஏறிய விலையின் மேல்தான் ஏறும். 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் இலக்கு 4 சதவீதப் பணவீக்கம். இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் நடுவிலுள்ள நான்கையே எடுத்துக்கொள்வோம். இன்று 12,000 ரூபாய்க்கு நடக்கும் குடும்பச் செலவு, பத்து வருடம் கழித்து ஏறக்குறைய 17,760 ஆகும். சம்பளம் 18,000. இன்னும் நாம்தான் முன்னால். பதினோராவது வருடம் செலவு 18,470, சம்பளம் 18,600. பன்னிரண்டாவது வருடம் செலவு 19,210, சம்பளம் 19,200. பத்து ரூபாய் பின்தங்கிவிட்டோம். அதன் பிறகு எந்தக் காலத்திலும் எட்டிப் பிடிக்க முடியாது. இருபதாவது வருடத்தில் செலவு 26,290ஐத் தொடும், சம்பளம் 24,000தான்.

பதினொரு வருடம் அந்த மனிதர் நிம்மதியாக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். விலைவாசி காலை ஆறு மணி வதந்தியைப் போல ஓசைப்படாமல் வந்துகொண்டிருந்தது. என் தகப்பனாருடைய பென்சில் குறி எந்தப் பக்கத்தில் நின்றது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சம்பள உயர்வு என்றாலே கூட்டு வளர்ச்சி என்று சொல்லிவிட முடியாது, எப்படி உயர்த்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இருக்கிறீர்கள். மத்திய அரசின் பழைய ஊதிய விகிதங்களை 2200-75-2800 என்பது போல எழுதுவார்கள். இரண்டாயிரத்து இருநூறில் தொடங்கி வருடத்துக்கு 75 ரூபாய் ஏறும் என்று பொருள். அது சுத்தமான கூட்டுத் தொடர். 2006 முதல் நடைமுறைக்கு வந்த ஆறாவது ஊதியக் குழுவில் அது 3 சதவீதம் என்று ஆனது. அதே வருடாந்தர உயர்வுதான், ஆனால் பெருக்குத் தொடராக மாறிவிட்டது. மூன்று சதவீதத்தில் சம்பளம் இரட்டிப்பாக இருபத்துமூன்று வருடத்துக்கு மேல் ஆகும். வதந்தி அரைமணியில் இரட்டிப்பாகிறது. இரண்டும் ஒரே இனம்தான்.

இவற்றைப் பிரித்து அறிவது எப்படி? கடைக்காரர்கள் இதைக் கேட்க வேண்டும். ஒன்பது மணிக்கு உப்புக் கேட்டு 5 பேர் வந்தார்கள், ஒன்பதரைக்கு 10 பேர் வந்தார்கள் என்றால், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து கூடியதா, இரண்டு மடங்கானதா? இரண்டு எண்கள் இரண்டு கதைக்கும் பொருந்தும். மூன்றாவது எண்தான் சாட்சி. பத்து மணிக்கு 15 பேர் என்றால் வித்தியாசம் சமம், அது கூட்டு வளர்ச்சி. மாலைக்குள் இன்னும் கொஞ்சம் உப்பு வரவழைத்தால் போதும். பத்து மணிக்கு 20 பேர் என்றால் மடங்கு சமம். பன்னிரண்டு மணிக்கு அது 320 ஆகும். அப்போதே ஒருவருக்கு ஒரு பாக்கெட் என்று அட்டையில் எழுதி மாட்டிவிடுங்கள்.

நிறுத்துவதற்கும் இந்தக் கணக்கு உதவும். "ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்கிறோம். ஊர் வாய் முழுவதையும் மூட வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு அரைமணியிலும் விஷயம் தெரிந்தவர்களில் பாதிப் பேர் சொல்லாமல் இருந்துவிட்டால் போதும். அப்போது இரண்டு மடங்குக்குப் பதில் ஒன்றரை மடங்காக வளரும். பாதி குறைந்தால் பாதிப் பேருக்குத்தான் போகும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு 4,096 பேருக்குப் பதில் சுமார் 130 பேருக்குத்தான் தெரிந்திருக்கும். இதற்கு மாறாக, பத்து மணிக்கு ஆட்டோவில் மைக் கட்டி, அரைமணிக்கு முந்நூறு பேர் காதில் விழும்படி மறுப்புச் சொல்லிக்கொண்டே போனால், பன்னிரண்டு மணிக்குள் 1,200 பேரைத்தான் எட்டியிருப்போம். மைக் கூட்டுகிறது, வதந்தி பெருக்குகிறது. எட்டு மணிக்கே தெரிந்திருந்தால் பதினாறு பேர்தான். ஒரே தெருவில் நடந்து போய்ப் பேசிவிடலாம்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்னிரண்டரைக்கு 8,192 என்று கணக்கு சொல்லும், ஆனால் அது நடக்காது. பாதி ஊருக்குத் தெரிந்த பிறகு, சொல்லப் போகிற இரண்டு பேரில் ஒருவர் "தெரியும், தெரியும்" என்று கையை ஆட்டிவிடுவார். சொல்ல வந்தவருக்கு ஆர்வம் போய்விடும், அதன் பின் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். 1964இல் டேலி, கெண்டல் என்ற இரண்டு கணித அறிஞர்கள் இதைச் சமன்பாடாக எழுதினார்கள். கேள்விப்படாதவர், பரப்புகிறவர், ஆர்வம் போய் ஓய்ந்தவர் என்று ஊரை மூன்றாகப் பிரித்தார்கள். அவர்கள் கண்ட விடை வியப்பானது. ஊர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வதந்தி அடங்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். நோயைப் போல ஆட்கள் தீர்ந்துபோய் அது நிற்பதில்லை. சொல்கிறவர்களுக்குச் சலித்துவிடுவதால் நிற்கிறது.

நம் கிராமத்தில் அந்த ஐந்தில் ஒருவர் யார்? வாய்க்கால் கோடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கடைக்கு வருகிறார். கூட்டமெல்லாம் போய்விட்டது. தரையில் கிழிந்த அட்டைப் பெட்டிகள் கிடக்கின்றன. அவர் எதையும் கேள்விப்படவில்லை, வீட்டில் உண்மையாகவே உப்புத் தீர்ந்துவிட்டது. "தம்பி, ஒரு பாக்கெட் உப்புக் கொடு" என்று கையை நீட்டுகிறார்.