பட்டறைக்கு வாருங்கள் என்று ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். சிறு பட்டறை நடத்துகிறவர்கள் வர்த்தக சபைக்கு எழுதும் அழைப்புக் கடிதங்கள் நிறைய படித்திருக்கிறேன். பெரும்பாலும் "ஒருமுறை வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்" என்பதோடு முடிந்துவிடும். எதற்காக வரவேண்டும், வந்தால் எதைப் பார்க்கலாம், பார்த்தபின் என்ன செய்யவேண்டும், ஒன்றும் இருக்காது. சபையின் செயலாளர் அதைக் கோப்பில் போட்டுவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, ஒரு கடிதத்தை நாமே எழுதிப் பார்ப்போம். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி லேத் வைத்து ஷாஃப்ட் கடையும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஒரு நொடிகூட நிற்பதில்லை, மின்னழுத்தம் மட்டும் சட்டென்று இறங்கி ஏறுகிறது. வீட்டில் விளக்கு ஒருமுறை சிமிட்டும், அவ்வளவுதான். ஆனால் பட்டறையில் கன்ட்ரோலர் அலாரம் காட்டி நின்றுவிடுகிறது, கடைந்துகொண்டிருக்கும்போதே நிற்பதால் இன்சர்ட் என்கிற வெட்டும் துண்டின் முனை உடைகிறது, மெஷினை மறுபடி ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து விட்ட இடத்திலிருந்து கடைந்தால் ஷாஃப்ட்டில் வரி விழுகிறது, அந்தப் பீஸ் கழிவுதான். இதில் வேதனை என்னவென்றால், மின்தடைக் கணக்குகள் பொதுவாகச் சில நிமிடங்களாவது நீடித்த தடையைத்தான் எண்ணும். இந்த இறக்கம் எந்தக் கணக்கிலும் வராது. பட்டறைக்காரர் போய்ச் சொன்னால், இங்கே மின்சாரம் நிற்கவே இல்லையே என்பார்கள், அதுவும் பொய்யில்லை.

அதனால்தான் ஆளை நேரில் அழைக்கிறோம். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் சபையின் உறுப்பினர், ஷாஃப்ட் கடையும் பட்டறை நடத்துகிறேன். மின்னழுத்தம் நொடி நேரம் இறங்குவதால் எங்கள் லேத் பாதி வேலையில் நின்றுவிடுகிறது. நின்ற நேரங்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், அதன் ஒரு பக்கத்தை இணைத்துள்ளேன். பக்கத்துப் பட்டறையிலும் அதே நேரங்களில் மெஷின் நின்றிருக்கிறது. வரும் செவ்வாய் அல்லது வியாழன், காலை பத்தரை மணிக்கு, நாற்பது நிமிடம் ஒதுக்கி நீங்கள் நேரில் பார்க்கவேண்டும். எங்களைப் போன்ற உறுப்பினர்களின் பதிவுகளைச் சேர்த்து, மின்வாரியத்திடம் சபை எடுத்துச் செல்லவேண்டும் என்பதே என் கோரிக்கை. பாதத்தை மூடும் ஷூ அணிந்து வாருங்கள். வாடிக்கையாளரின் வரைபடங்கள் இருப்பதால், படம் எடுக்கக்கூடிய இடத்தை மட்டும் காட்டுகிறேன்."

இதில் பக்கத்துப் பட்டறை பற்றிய வரிதான் உயிர். நம் கம்ப்ரசர் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது நம் ஒயரிங்கிலேயே மின்னழுத்தம் இறங்கலாம், மெயின் சுவிட்ச்சில் ஒரு தளர்ந்த இணைப்பும் அதே வேலையைச் செய்யும். அப்படியிருந்தால் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடவேண்டும், சபையை அல்ல. வெவ்வேறு இணைப்புள்ள இரண்டு பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு பெரும்பாலும் வெளி லைனில்தான். இரண்டு பேரும் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு குறிக்கவேண்டும், இல்லையென்றால் அந்தப் பொருத்தத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

கோரிக்கையும் சபையால் முடிகிற ஒன்றாக இருக்கவேண்டும். மின்பாதையை மாற்ற சபையால் உத்தரவிட முடியாது, கடன் வாங்கித் தரவும் முடியாது. உறுப்பினர்களின் குறையைத் திரட்டிப் பேசுவது அதன் வேலை. மின்சாரத்துக்கென்று துணைக்குழு இருக்கும் சபையானால் அதன் பொறுப்பாளருக்கும் ஒரு நகல் போகட்டும். தலைவர் பெயருக்கு மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, பல சபைகளில் அவர் பதவிக்காலம் முடிந்தால் மாறிவிடுவார், கோப்பை நகர்த்துகிறவர் செயலாளர்தான்.

அப்புறம், அவர் வருகிற நாளில் மின்னழுத்தம் இறங்காமலே போகலாம். அதற்காக மெயின் சுவிட்ச்சை அணைத்துக் காட்டாதீர்கள், அது வேறு நிகழ்வு, விஷயம் தெரிந்தவர் கூட இருந்தால் உடனே கேட்டுவிடுவார். கன்ட்ரோலரில் பழைய அலாரங்களின் பட்டியல் இருக்கும், அதைத் திரையில் திறந்து காட்டுங்கள். தேதி ஒட்டிய கழிவு ஷாஃப்ட்டுகளை மேசையில் வையுங்கள், வரி விழுந்த இடத்தில் அவரே நகத்தால் தடவிப் பார்க்கட்டும். மெஷின் ஓட்டுகிற தொழிலாளியே பேசட்டும், நின்றபின் மறுபடி ஓட்டுவதற்கு என்னென்ன செய்கிறார் என்று அவர் சொல்வதுபோல முதலாளியால் சொல்ல முடியாது. பட்டறையை விடுமுறைநாள் மாதிரி துடைத்து வைக்கவும் வேண்டாம், வேலை ஓடட்டும்.

அவர் போனபின் ஓரிரு நாளுக்குள் நன்றிக் கடிதம் எழுதுங்கள். அவர் எதைப் பார்த்தார், எதைச் செய்வதாகச் சொன்னார், நாம் என்ன பதிவுகளை அனுப்புவதாக ஒப்புக்கொண்டோம் என்பதை அதில் எழுதி, அந்தப் பதிவுகளையும் அதே உறையில் வைத்து அனுப்பிவிடுங்கள். நன்றி, வணக்கம்.