எச்சங்கள் விசிறியாக விரிந்தால் எந்த அடுக்கு? ப்ரொஃபைல் லைக்லிஹுட் சொல்லும் விடை

[திரையில்: சிதறல் வரைபடம். கிடை அச்சில் வேகம், நெடு அச்சில் கார் நிற்க எடுத்த தூரம்.]

வணக்கம். R மென்பொருளைத் திறந்தாலே கையில் கிடைக்கிற தரவு இது, பெயர் `cars`. 1920-களில் பதிவு செய்த 50 அளவீடுகள். மணிக்கு இத்தனை மைல் வேகத்தில் போன கார், பிரேக் போட்டபின் எத்தனை அடி தள்ளி நின்றது என்பதுதான் விஷயம்.

நேர்கோடு ஒன்றைப் பொருத்துவோம். தூரம் = −17.58 + 3.93 × வேகம். இப்போது எச்சங்களைப் பாருங்கள், அதாவது உண்மையான தூரத்துக்கும் கோடு சொல்கிற தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை.

[திரையில்: எச்சங்களின் வரைபடம், இடமிருந்து வலமாக விரிகிறது.]

10 மைல் வேகம் வரை எச்சம் எதுவும் 12 அடியைப் பெரிதாகத் தாண்டவில்லை. வேகம் கூடக் கூட 20, 30 என்று விரிகிறது. 24 மைல் வேகத்தில் ஒரு கார் 120 அடி ஓடி நின்றிருக்கிறது. கோடு சொன்னதோ 77 அடிதான். இன்னொரு கோளாறும் உண்டு: 4 மைல் வேகத்துக்கு இந்தக் கோடு கழித்தல் குறியோடு விடை தருகிறது. பிரேக் போட்ட கார் பின்னால் போகாது அல்லவா?

சரி, தூரத்தை அப்படியே வைக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுக்கலாம். அல்லது மடக்கை, அதாவது லாக் எடுக்கலாம். பொதுவாகச் சொன்னால், தூரத்தை λ என்ற ஏதோ ஓர் அடுக்குக்கு உயர்த்தலாம். λ = 1 என்றால் மாற்றமே இல்லை, 0.5 என்றால் வர்க்கமூலம், 0 என்றால் லாக் என்று வைத்துக்கொள்வது வழக்கம். எந்த λ? 1964-இல் ஜார்ஜ் பாக்ஸும் டேவிட் காக்ஸும் சொன்ன வழி, அதைத் தரவையே கேட்பது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். முதலில் தோன்றுவது இதுதான்: மூன்று மாற்றங்களையும் செய்து பார், எதில் எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை குறைவோ அதை எடுத்துக்கொள்.

[திரையில்: λ = 1: 11,354. λ = 0.5: 58.3. λ = 0: 9.56.]

லாக் ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் இந்தப் போட்டியே செல்லாது. முதல் எண் அடியின் வர்க்கத்தில் இருக்கிறது, இரண்டாவது வெறும் அடியில், மூன்றாவதற்கு அலகே இல்லை. 100 அடி என்பது வர்க்கமூலத்தில் 10, லாக்கில் 4.6. எண்கள் சுருங்கினால் எச்சமும் சுருங்கத்தான் செய்யும். அதற்கும் பொருத்தம் நல்லதா என்பதற்கும் சம்பந்தமில்லை.

லைக்லிஹுட் இதைச் சரிசெய்கிறது. அது கேட்கிற கேள்வி எப்போதும் மூல அளவில், அடிக் கணக்கில்தான்: நாம் பொருத்திய மாதிரி சரியென்றால், நாம் பார்த்த இந்த 50 தூரங்கள் வருவதற்கான அடர்த்தி எவ்வளவு? மாற்றிய அளவில் அடர்த்தியைக் கணக்கிட்டால், அதை மூல அளவுக்குத் திருப்பும்போது ஒவ்வொரு தூரத்துக்கும் அந்த மாற்றத்தின் சரிவால் பெருக்க வேண்டும். தூரத்தை y என்றால் அந்தச் சரிவு λ · y^(λ−1), லாக்குக்கு 1/y. அலகுகள் சுருங்கியதற்கான அபராதம் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

50 சரிவுகளையும் பெருக்கினால், தரவில் எஞ்சுவது தூரங்களின் பெருக்கல் சராசரி மட்டும். அதை g என்போம். இந்தத் தரவில் g = 34.33 அடி. ஆகவே அபராதத்தை மாற்றத்துக்குள்ளேயே வைத்துவிடலாம்.

[திரையில்:]

```
z = (y^λ − 1) / (λ · g^(λ−1))
λ = 0 எனில்  z = g · log(y)
```

இப்படி எழுதினால் λ எதுவானாலும் z-இன் அலகு அடிதான். இனி ஒப்பிடலாம். வர்க்கமூலத்துக்கு 58.3-ஐ 4-ஆலும் g-ஆலும் பெருக்க வேண்டும், கிடைப்பது சுமார் 8,010. லாக்குக்கு 9.56-ஐ g-இன் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 11,270. மாற்றமே செய்யாதபோது 11,354.

கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஜெயித்ததாக நினைத்த லாக், ஒன்றுமே செய்யாமல் விட்டதற்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்து நிற்கிறது.

ஏன் என்று எச்சங்களே காட்டும். தரவின் முதல் கார் 4 மைல் வேகத்தில் வந்து 2 அடியில் நின்றது. லாக் அளவில் அதன் எச்சம் திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமாகக் கீழ்ப்பக்கம் விழுகிறது. விசிறி இப்போது இடப்பக்கம் திரும்பிவிட்டது. வர்க்கமூலத்தில் அதே காரின் எச்சம் ஒரு திட்ட விலக்கம் அளவுதான்.

ப்ரொஃபைல் என்பது என்ன? ஒவ்வொரு λ-வுக்கும் சாய்வு, வெட்டு, திட்ட விலக்கம் மூன்றையும் அந்த λ-வுக்கு மிகச் சிறந்ததாகப் பொருத்திவிடுகிறோம். கிடைத்த லாக்-லைக்லிஹுட்டை மட்டும் λ-வுக்கு எதிரே வரைகிறோம். உயரம் −(n/2) · log(z அளவில் எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை), ஒரு மாறிலி போக. n இங்கே 50. R-இல் இவ்வளவுதான்:

```r
library(MASS)
fit <- lm(dist ~ speed, data = cars)
boxcox(fit, lambda = seq(-0.5, 1.5, 0.05))
```

[திரையில்: மலை போன்ற வளைவு, உச்சிக்குச் சற்றுக் கீழே கிடைக்கோடு.]

உச்சி 0.4-க்கும் 0.5-க்கும் நடுவே இருக்கிறது. உச்சியிலிருந்து 1.92 இறங்கி ஒரு கோடு போடுங்கள், அது 3.84 என்ற கை-வர்க்க எல்லையில் பாதி. கோட்டுக்கு மேலே உள்ள λ-க்கள் 95 சதவீத இடைவெளி, இங்கே ஏறத்தாழ 0.2 முதல் 0.7 வரை. λ = 1 எங்கே? 25 × log(11,354 / 8,010) போட்டால் 8.7. வர்க்கமூலத்தைவிட அவ்வளவு கீழே. லாக்கும் 8.5 கீழே. இரண்டுமே வெளியே.

உச்சியின் தசமப் புள்ளிகளை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. இடைவெளிக்குள் 0.5 இருக்கிறது, அதற்கு அர்த்தமும் இருக்கிறது: பிரேக் பிடிக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் அதன் வர்க்கமூலம் வேகத்தோடு நேராகப் போகும். 0.43 என்ற அடுக்குக்கு அப்படி ஒரு கதையும் கிடையாது. நான் 0.5-ஐத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒன்று: இந்த வளைவு விசிறியை மட்டும் பார்ப்பதில்லை. கோடு நேராக இருப்பது, பரவல் சீராக இருப்பது, எச்சம் மணி வடிவில் இருப்பது, மூன்றையும் ஒரே λ-வில் திணிக்கப் பார்க்கிறது. இங்கே மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன. எப்போதும் அப்படி அமையாது. உறவு ஏற்கெனவே நேராக இருந்து பரவல் மட்டும் விரிந்தால், மாற்றம் அந்த நேர்கோட்டை வளைத்துவிடும். அப்போது எடையிட்ட குறைந்த வர்க்க முறைதான் சரி. அதனால் மாற்றிய பிறகும் எச்ச வரைபடத்தை மறுபடி வரையுங்கள். பிறகு, ஓரத்தில் நிற்கும் புள்ளியை, இங்கே அந்த 2 அடிக் காரை, நீக்கிவிட்டு வளைவை மீண்டும் போட்டுப் பாருங்கள், உச்சி எவ்வளவு நகர்கிறது என்று. y-இல் பூஜ்யம் இருந்தால் முறை அப்படியே ஓடாது. எல்லாவற்றோடும் 1-ஐக் கூட்டிக்கொள்கிறார்கள். கூட்டுவது 1-ஆ 0.01-ஆ என்பதைப் பொறுத்து λ-வும் மாறிவிடும், ஜாக்கிரதை.

கடைசியாக, அடிக்குத் திரும்பும் வேலை. 20 மைல் வேகத்துக்கு வர்க்கமூல மாதிரி தருவது 1.277 + 0.3224 × 20 = 7.73. வர்க்கம் போட்டால் சுமார் 59.7 அடி. இது சராசரி அல்ல, இடைநிலை. சராசரி வேண்டுமென்றால் எச்சத்தின் மாறுபாட்டை, 1.21-ஐ, கூட்ட வேண்டும்: 60.9. வர்க்கமூலத்துக்கு வித்தியாசம் சிறியது, லாக்குக்குப் பெரிதாகலாம். ஒரு புதிய காருக்கான 95 சதவீத எல்லைகளையும் அப்படியே வர்க்கமாக்கலாம்: ஏறத்தாழ 30 அடி முதல் 100 அடி வரை. கீழ்ப்பக்கம் 30 அடி இடம், மேல்பக்கம் 40.