உதிர்ந்த இலையும் வெளியே போகாத காடு

(உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவர்களே, வணக்கம். ஜப்பானில் நாரா என்ற பகுதியில் ஓமிவா என்று மிகப் பழைய கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே போய், "சாமி இருக்கிற கருவறை எங்கே?" என்று கேட்டால் பின்னால் இருக்கும் மலையைக் காட்டுவார்கள். மிவா மலை, 467 மீட்டர் உயரம். நின்று கும்பிட ஒரு மண்டபம் மட்டும் உண்டு. அதைத் தாண்டிக் கருவறை என்று எதையும் அவர்கள் கட்டவில்லை. மலைதான் சாமி குடியிருக்கும் இடம், அதற்கு மேல் கட்டடம் எதற்கு?

மலையில் ஏறலாம், ஆனால் சும்மா ஏறிவிட முடியாது. அடிவாரத்தில் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். சிறு மணி கட்டிய வெள்ளைப் பட்டை ஒன்றைக் கொடுப்பார்கள், அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே படம் எடுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. ஒரு கல்லையோ சுள்ளியையோ எடுத்து வரவும் கூடாது.

இந்த வழிபாட்டுக்கு ஷின்டோ என்று பெயர். இதைத் தொடங்கி வைத்தவர் என்று ஒருவரும் இல்லை, எல்லாருக்கும் பொதுவான ஒரே வேதநூலும் இல்லை. வழிபடப்படும் சக்தியைக் 'காமி' என்பார்கள். மலை, அருவி, பாறை, முதிர்ந்த மரம் எதிலும் காமி இருக்கலாம், இறந்துபோன மனிதரும் காமி ஆகலாம். ஒரு பெரிய மரத்தைச் சுற்றித் தடித்த வைக்கோல் கயிறு கட்டி, அதில் வெள்ளைக் காகிதத்தை வளைவு வளைவாக மடித்துத் தொங்கவிட்டிருந்தால், அது காமியின் இடம் என்று அறிந்துகொள்ளலாம்.

சரி, இப்போது டோக்கியோவுக்குப் போவோம். நகரின் நடுவே மெய்ஜி ஜிங்கூ என்ற கோயில் இருக்கிறது. மெய்ஜி பேரரசரையும் அவருடைய அரசியையும் காமியாக வைத்து 1920இல் திறந்தது. வாசலில் 'தோரீ' நிற்கும்: இரண்டு மரத்தூண்கள், மேலே குறுக்கே கட்டைகள், கதவு கிடையாது. மெய்ஜி ஜிங்கூவின் பெரிய தோரீ 12 மீட்டர் உயரம். அதன் முன்னால் நின்று ஒரு தடவை தலை குனிந்துவிட்டு உள்ளே போவார்கள். பாதையின் நடுப்பகுதி காமி போகும் வழி என்பதால் ஓரமாக நடப்பதுதான் மரியாதை.

கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர்த் தொட்டி வரும். அங்கே மூங்கிலாலோ மரத்தாலோ செய்த அகப்பைகள் இருக்கும். ஒரே ஒரு அகப்பைத் தண்ணீரில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், அதுதான் இதில் வேடிக்கை. வலக்கையால் மொண்டு இடக்கையைக் கழுவுங்கள். கை மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மறுபடி கை மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, அந்த நீரால் வாயைக் கொப்பளித்து, ஓரமாகக் கீழே துப்புங்கள். அப்புறம் இடக்கையை இன்னொரு தடவை கழுவிவிட்டு, அகப்பையைச் செங்குத்தாகத் தூக்கினால், மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியே இறங்கி அதையும் கழுவிவிடும். அடுத்து வருபவருக்குக் கைப்பிடி சுத்தமாகக் கிடைக்கும். புதிதாக வருபவர்கள் முதலிலேயே தாராளமாக ஊற்றிவிடுவார்கள், கடைசியில் அகப்பை காலியாக இருக்கும். அகப்பையை வாயில் வைப்பது அதைவிடப் பெரிய தவறு. கொரோனா காலத்தில் பல கோயில்கள் அகப்பையை எடுத்துவிட்டு, ஓடும் நீரில் கை கழுவும்படி மாற்றின.

மண்டபத்தின் முன்னால் காசு போட்டுவிட்டு, இரண்டு தடவை ஆழமாகக் குனிந்து, இரண்டு தடவை கை தட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியில் இன்னொரு தடவை குனிய வேண்டும். எல்லா ஊரிலும் இப்படியே இல்லை. இசுமோ கோயிலில் நான்கு தடவை தட்டுவார்கள்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். மெய்ஜி ஜிங்கூவைச் சுற்றி சுமார் 70 ஹெக்டேர் அடர்ந்த காடு இருக்கிறது. பார்த்தால் ஆயிரம் வருடக் காடு என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அது மனிதர்கள் நட்டது! கோயிலுக்கு இடம் தேர்ந்தெடுத்தபோது அங்கே பெரும்பகுதியில் காடே இல்லை. நாடு முழுவதிலிருந்தும் மக்கள் காணிக்கையாக அனுப்பிய ஏறத்தாழ 1 லட்சம் மரங்களை அங்கே நட்டார்கள்.

எந்த மரத்தை நடுவது என்று ஒரு சண்டை நடந்தது. அப்போது பிரதமராக இருந்த ஒகுமா ஷிகெனொபு, இசே, நிக்கோ ஆகிய இடங்களில் உள்ளதுபோல வானளாவிய 'சுகி' மரங்கள்தான் கோயிலுக்கு அழகு என்றார். சுகி ஊசியிலை மரம், ஈரமான மலைப்பகுதியில் நன்றாக வளரும். வனவியல் பேராசிரியர் ஹோண்டா செய்ரோகுவும் அவருடைய மாணவர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. டோக்கியோவில் வளர்ந்த சுகியின் அடிமர வளையங்களையும் நிக்கோவில் வளர்ந்ததன் வளையங்களையும் ஒப்பிட்டு, இந்த மண்ணில் அது சரியாக வளராது என்று காட்டினார்கள். ஆலைப் புகையும் ரயில் புகையும் சேர்ந்தால் அது தாங்கவே தாங்காது என்றார்கள். பிரதமர் விட்டுக்கொடுத்தார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், பிரதமரின் ஆசையை மரத்தின் வளையங்கள் மாற்றியிருக்கின்றன.

அவர்கள் போட்ட திட்டம் 100 வருடங்களைத் தாண்டிப் போகிறது. உயரமான பைன்கள் முதலில் மேலே நிற்கும். அவற்றுக்குக் கீழே வேறு ஊசியிலை மரங்கள், அவற்றுக்கும் கீழே கருவாலி, கற்பூர மரம் போன்ற, எப்போதும் பசுமையான அகன்ற இலை மரங்கள். பைன்களுக்கு நிழல் ஆகாது. கீழே இருப்பவை அவற்றைத் தாண்டி வளர்ந்ததும் அவை ஒவ்வொன்றாகச் சாகும். பிறகு அகன்ற இலை மரங்கள் மேலே வந்து காட்டைப் பிடித்துக்கொள்ளும். அவற்றின் விதை நிழலிலும் முளைக்கும் என்பதால், அதற்குமேல் யாரும் எதையும் நட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காட்டிலிருந்து எதையும் வெளியே எடுத்துப்போகக் கூடாது. கோயில் பணியாளர்கள் நீண்ட துடைப்பங்களால் பாதையைப் பெருக்குவார்கள். அந்தக் குப்பை வண்டியில் ஏறாது, நெருப்புக்கும் போகாது. அள்ளிய இலையை அப்படியே மரங்களின் அடியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். உரம் வாங்கிப் போடாத காட்டுக்கு அந்த இலைதான் உணவு. பார்வையாளர்கள் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கவும் அனுமதி இல்லை.

காமி குடியிருக்கும் மரத்தை ஜப்பானில் யாரும் வெட்டியதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் காட்டை நடுவதற்குச் சில வருடங்கள் முன்னால், 1906இல், கோயில்கள் அரசின் பிடியில் இருந்த காலத்தில், சின்னச் சின்னக் கோயில்களைப் பெரிய கோயில்களோடு இணைக்கும்படி அரசு உத்தரவு போட்டது. பல்லாயிரம் கோயில்கள் மறைந்தன. கோயில் போனதும் அதன் தோப்பைக் காக்க ஆளில்லை, பல இடங்களில் பழைய மரங்களை வெட்டி விற்றார்கள். வாகாயாமாவைச் சேர்ந்த மினகாதா குமகுசு என்ற இயற்கை ஆய்வாளர் இதை எதிர்த்து எழுதினார், கத்தினார், 1910இல் சிறைக்கும் போனார். தோப்பு போனால் அதற்குள் வாழும் பூஞ்சை, பூச்சி, பறவை எல்லாமே சேர்ந்து போகும் என்பது அவர் வாதம்.

மெய்ஜி ஜிங்கூவின் முதன்மைக் கட்டடங்கள் 1945 ஏப்ரலில் விமானக் குண்டுவீச்சில் எரிந்தன. 1958இல் மறுபடி கட்டினார்கள். காட்டின் பெரும்பகுதி தப்பியது. கோயிலின் 100ஆவது ஆண்டு நெருங்கியபோது ஆய்வாளர்கள் உள்ளே இறங்கிக் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 3,000 வகைத் தாவரங்களும் விலங்குகளும் அந்தக் கணக்கில் வந்தன. டோக்கியோவின் நடுவில், வாத்தையும் புறாவையும் பிடித்துத் தின்னும் கோஷாக் என்ற வேட்டைப் பறவையும் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது.